குசினியில் தொடங்கும் மொழிபெயர்ப்பு

(பாரிஸில் உணவகம் நடத்துவோரும் சமையலாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் லாச்சப்பல், கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. லண்டன் ரயில் அங்கேதான் வந்து நிற்கிறது. கொலோனிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக வரும் ரயிலும் அங்கேதான் வருகிறது. அதனால் ஃபோபூர் சென் துனி தெருவிலும் கை தெருவிலும் உள்ள நம் உணவகங்களில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பக்கத்து மேசையில் ஆங்கிலம் பேசுகிறவர்களும் ஜெர்மன் பேசுகிறவர்களும் பயணப் பெட்டியோடு வந்து உட்காருகிறார்கள். நம் உணவுப்பட்டியலைத் தமிழிலிருந்து இந்த மூன்று மொழிகளுக்கும் எப்படிக் கொண்டு போவது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வழக்கமாக என்ன நடக்கிறது? உரிமையாளர் பழைய பட்டியலைப் படம் பிடித்து அனுப்புகிறார். அதில் 'சாம்பார் வடை', 'கடலை வடை', 'தேங்காய்ச் சம்பல்' என்று பெயர்களும் விலைகளும் இருக்கும். பெயருக்கு நேரே பிரெஞ்சில் ஒரு வரி எழுதி, அடியில் ஒவ்வாமைக் குறிப்பையும் சேர்த்துத் தரச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளரும் அகராதியைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார். அப்படி எழுதிய பட்டியல் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அதை நம்பி ஒருவர் சாப்பிட முடியாது. சாம்பாரில் என்ன இருக்கிறது என்பது 'சாம்பார்' என்ற சொல்லில் இல்லை. அந்த உணவகத்தின் குசினியில் இருக்கிறது. அதனால் பட்டியலைப் பார்த்து மொழிபெயர்க்கக் கூடாது, சமையலைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. இனிச் சொல்வதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 என்ற ஒழுங்குவிதி 2014 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களை அது பட்டியலிட்டிருக்கிறது. குளுட்டன் உள்ள தானியங்கள், ஓடுள்ள இறால் நண்டு வகை, முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா, பால், முந்திரி பாதாம் போன்ற கொட்டை வகை, செலரி, கடுகு, எள், ஒரு கிலோவில் 10 மில்லிகிராமுக்கு மேல் உள்ள சல்ஃபைட், லூபின், கணவாய் சிப்பி போன்ற மெல்லுடலிகள் ஆகியவை அவை. பொட்டலமிடாத உணவுக்கும், அதாவது தட்டில் பரிமாறும் சாப்பாட்டுக்கும், இந்தத் தகவலைத் தந்தாக வேண்டும். எப்படித் தருவது என்பதை அந்தந்த நாடு முடிவு செய்துகொள்ளலாம். பிரான்ஸ் 2015 ஏப்ரல் 17 ஆம் தேதிய ஆணையின் மூலம், அது எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் வாடிக்கையாளர் யாரையும் கேட்காமலே பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. 'கேட்டால் சொல்லுவம்' என்பது இங்கே போதாது.

இன்னொரு சட்டமும் உண்டு. 1994 ஆகஸ்ட் 4 ஆம் தேதிய துபோன் சட்டப்படி, பிரான்ஸில் விற்கும் பொருளைப் பற்றிய விவரம் பிரெஞ்சில் இருந்தாக வேண்டும். எல்லாருக்கும் தெரிந்துவிட்ட வெளிநாட்டுப் பண்டங்களின் பெயருக்கு மட்டும் விலக்கு உண்டு. பீட்சாவுக்கும் குஸ்குஸுக்கும் அது பொருந்தும். தோசை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. ஆகவே 'தோசை' என்று பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த முடியாது. அது என்ன என்று பிரெஞ்சில் ஒரு வரி வேண்டும்.

இப்போது ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம். சாம்பாரையே எடுக்கிறேன். தட்டில் அது துணைக் கறியாகத்தான் வருகிறது, ஆனால் பட்டியலில் பாதிப் பண்டங்களோடு போவது அதுதான்.

குசினிக்குள் போய்ச் சமையல்காரரின் பக்கத்தில் நின்று, பானைக்குள் போகிற ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். துவரம்பருப்பு, புளி, உப்பு, மஞ்சள், முருங்கைக்காய், கத்தரிக்காய், கேரட். இவற்றில் சிக்கல் இல்லை. அடுத்தது சாம்பார்ப் பொடி. அது வீட்டில் அரைத்ததா, பொட்டலத்தில் வாங்கியதா? பொட்டலம் என்றால் அதைத் திருப்பி, உட்பொருள் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். அடுத்தது பெருங்காயம். இங்கேதான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். கடையில் கிடைக்கும் தூள் பெருங்காயம் சுத்தப் பிசின் அல்ல, அது கூட்டுப் பெருங்காயம். பிசினின் காரம் தனியாகக் கையாள முடியாத அளவுக்கு இருப்பதால், அதை மாவோடும் அரபிப் பிசினோடும் கலந்துதான் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் அரிசி. ஒரு சிட்டிகைதானே என்று நாம் நினைப்போம். ஆனால் 'குளுட்டன் இல்லாதது' என்று எழுதுவதற்கு ஐரோப்பாவில் உள்ள எல்லை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். கோதுமை கலந்த பொருளை வேண்டுமென்றே போட்ட பிறகு அந்தச் சொல்லை எழுத நமக்கு இடமில்லை. ஆக சாம்பாருக்கு நேரே 'குளுட்டன்: கோதுமை' என்று விழுகிறது. அரிசியும் உளுந்தும் மட்டும் சேர்ந்த இட்லியைச் சாப்பிட வந்த சீலியாக் நோயாளி, சாம்பாரில் தோய்த்துத்தானே சாப்பிடுகிறார்!

பிறகு தாளிப்பு. கடுகு வெடிக்கிறது. நமக்கு அது வாசனை. ஐரோப்பியப் பட்டியலில் அது 14இல் ஒன்று. இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இந்தியாவின் 2020 ஆம் ஆண்டு லேபல் விதிகளில் உள்ள ஒவ்வாமைப் பட்டியலில் கடுகும் இல்லை, எள்ளும் இல்லை. உள்நாட்டு விற்பனைக்காக அச்சிட்ட இந்தியப் பொட்டலத்தில் 'ஒவ்வாமை' என்று தனியாகப் போட்டிருக்கும் வரியைப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மேலே உள்ள உட்பொருள் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். பொடியிலும் ஊறுகாயிலும் கடுகும் நல்லெண்ணெயும் அங்கேதான் இருக்கும்.

கடைசியில் சமையல்காரர் ஒரு கரண்டி நெய் விடுகிறாரா? விட்டால் பால். நெய்யை உருக்கி வடித்துவிட்டோமே, அதில் பால் எங்கே என்று கேட்பார்கள். சட்டத்தின் கண்ணில் அது பாலில் இருந்து வந்த பொருள், விலக்கு கிடையாது. பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு வடிகட்டிய நெய்யில் தங்கியிருப்பதே போதும். 'சைவம்' என்ற சொல்லும் இங்கே கைவிடுகிறது. நம் சைவச் சாப்பாட்டில் நெய்யும் தயிரும் தாராளமாக இருக்கும். பாலும் தேனும்கூட வேண்டாம் என்கிற வீகன் பழக்கக்காரர் 'சைவம்' என்று தலைப்பிட்ட பக்கத்தைத் தனக்கானது என்று எடுத்துக்கொள்வார்.

ஆக, ஒரே சாம்பாருக்கு மூன்று குறிப்புகள்: கோதுமை, கடுகு, பால். இவற்றில் ஒன்றுகூட 'சாம்பார்' என்ற சொல்லிலிருந்து கிடைக்காது. பக்கத்துக் கடைச் சாம்பாரில் நெய் இருக்காது, அங்கே அரிசி மாவு கலந்த பெருங்காயம் இருக்கலாம். ஆகவே ஒரு கடையின் பட்டியலை இன்னொரு கடைக்குப் படியெடுத்துக் கொடுப்பது தவறு. அந்த வேலையை யாராவது குறைந்த காசுக்குச் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்து வருவதுதான் இந்த உரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம். அது 'கடலை'.

நம் உணவகங்களில் உரிமையாளர் யாழ்ப்பாணத்துக்காரராகவும் சமையல்காரர் மதுரைக்காரராகவும் இருப்பது சாதாரணம். இருவரும் பேசுவது தமிழ்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் கடலை என்றால் கொண்டைக்கடலை. நிலத்துக்கடியில் விளைகிற மற்றதற்கு அங்கே பெயர் கச்சான். தமிழ்நாட்டில் ஒருவர் வெறுமனே 'கடலை' என்றால் பெரும்பாலும் வேர்க்கடலையைச் சொல்கிறார். அதே தமிழ்நாட்டில் 'கடலை எண்ணெய்' வேர்க்கடலையிலிருந்து வருகிறது, 'கடலை மாவு' கொண்டைக்கடலைப் பருப்பிலிருந்து வருகிறது. 'பொட்டுக்கடலை' வறுத்து உடைத்த கொண்டைக்கடலை. 'கடலை மிட்டாய்' மறுபடியும் வேர்க்கடலை. ஒரே சொல் இரண்டு விதைகளுக்கு இடையில் போய்ப் போய் வருகிறது. அதில் ஒன்று, சிலருக்குச் சில நிமிடங்களில் மூச்சை நிறுத்தக்கூடிய வேர்க்கடலை. மற்றது ஐரோப்பாவின் 14இல் இடமே பெறாத கொண்டைக்கடலை.

தேங்காய்ச் சட்னியைப் பற்றி விசாரிக்கப் போகும்போது பேச்சு இப்படித்தான் நடக்கும்.

"அண்ணை, சட்னிக்குக் கடலை போடுறனீங்களோ?" என்று உரிமையாளரைக் கேட்டால், "ஓம் தம்பி, கொஞ்சம் போடுறது" என்பார்.

அவர் கொண்டைக்கடலை வகையை மனதில் வைத்துச் சொல்கிறார். சட்னி அரைக்கிற மதுரைக்காரரிடம் போனால், "பொட்டுக்கடலைதான் தம்பி போடுவோம். தீந்துபோச்சுன்னா ஒரு பிடி வேர்க்கடலை வறுத்துச் சேத்துக்குவோம், கெட்டியா வரும்" என்பார்.

அந்த 'தீர்ந்துபோனால்' என்ற சொல்தான் நாம் தேடிப் போனது. இது உரிமையாளருக்குத் தெரியாது, பட்டியலிலும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் குசினியில் நின்று கேட்டிராவிட்டால் யாருக்கும் தெரிந்திராது. தீர்வு இரண்டுதான். வேர்க்கடலையை அந்தக் குசினியில் சட்னிக்குத் தடை செய்துவிடலாம். அல்லது சட்னிக்கு நேரே எப்போதும் வேர்க்கடலை என்று போட்டுவிடலாம். 'சில நாள்களில் இருக்கலாம்' என்று எழுதினால் அது சாப்பிடுகிறவருக்கு உதவாது. அவர் வந்து உட்கார்ந்திருப்பது எந்த நாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதனால் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் நான் செய்ய வைக்கும் முதல் வேலை தமிழிலிருந்து தமிழுக்கு எழுதுவது. குசினியில் நின்று எழுதிக்கொள்ளும் அடுக்களைத் தாளில் 'கடலை' என்று தனியாக ஒருபோதும் எழுதக் கூடாது. வேர்க்கடலை (கச்சான்), கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை என்று முழுச் சொல்லாக எழுத வேண்டும். பருப்பும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் வெறும் 'பருப்பு' என்றால் மைசூர்ப் பருப்பு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் துவரை. வஞ்சிரமும் அறக்குளாவும் ஒரே மீன்தான் என்று இரண்டு பேருக்கும் சொல்லி வைக்க வேண்டும். அந்தத் தாள் தெளிவான பிறகுதான் பிரெஞ்சு வர வேண்டும்.

பெயர் உட்பொருளைச் சொல்லாது என்பதற்காகச் சம்பலையும் சொல்ல வேண்டும். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கட்டைச் சம்பல் ஆகிய மூன்றிலும் பலர் மாசி இடித்துச் சேர்ப்பார்கள். மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையிட்டு, மரக்கட்டை போல் இறுகும் வரை உலர்த்திய மாலைத்தீவுக் கருவாடு. பட்டியலில் சம்பல் இடியப்பத்துக்குப் பக்கத்தில், மரக்கறிப் பண்டங்களின் வரிசையில் இருக்கும். 'தேங்காய், மிளகாய், வெங்காயம், எலுமிச்சை' என்று பிரெஞ்சில் அழகாக எழுதிவிடலாம்; அதில் மீன் இருக்காது. மீன் ஒவ்வாமை உள்ளவருக்கும் மரக்கறி மட்டும் உண்பவருக்கும் ஒரே நேரத்தில் துரோகம் செய்த வரி அது. மாசி போட்ட சம்பல், போடாத சம்பல் என்று இரண்டு கிண்ணம் வைத்துத் தனித்தனி எண் கொடுப்பதே நல்லது.

இனிப் பண்டங்களின் பெயருக்கும் விளக்க வரிக்கும் வருகிறேன். பெயரை மொழிபெயர்க்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தோசை எல்லா மொழியிலும் தோசைதான். ஒரே எழுத்துக்கூட்டலை மூன்று மொழிக்கும் வைக்க வேண்டும். பிரெஞ்சு வாசகருக்காக ஒரு விதமாகவும் ஜெர்மன் வாசகருக்காக வேறு விதமாகவும் எழுதினால், குசினிக்குப் போகும் துண்டில் எது எதுவென்று குழப்பம் வரும். பிரெஞ்சுக்காரர் சாம்பாரை மூக்கால் உச்சரிப்பார், போகட்டும். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை எல்லா மொழியிலும் ஒவ்வாமை அட்டவணையிலும் மாற்றாமல் வைத்தால், உச்சரிப்பு தவறினாலும் ஆபத்து இல்லை. விரலால் தொட்டுக் காட்டினாலே போதும்.

பெயருக்குக் கீழே வரும் விளக்கத்தில்தான் கவனம் வேண்டும். தோசையை 'க்ரெப்' என்று எழுதுவது பிரான்ஸில் பழகிப்போன வழக்கம். க்ரெப் என்ற சொல்லைப் பார்த்தவுடன் பிரெஞ்சுக்காரர் மனதில் கோதுமை மாவும் பாலும் முட்டையும் வந்துவிடும். அவை இல்லாத ஒரு பண்டத்துக்கு இருப்பது போன்ற தோற்றத்தை நாம் கொடுத்துவிடுகிறோம். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய் அந்த வரியைப் படித்துவிட்டு, குழந்தை நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கக்கூடிய ஒன்றை விலக்கிவிடுகிறார். இதையும் தவறு என்றே நான் கணக்கிடுகிறேன். இருப்பதை மறைப்பது உயிருக்கு ஆபத்து. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது ஒருவரைப் பட்டினி போடுகிறது. ஆகவே க்ரெப் என்ற சொல்லை எடுத்தே தீர வேண்டும் என்றால், அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்க வைத்த மாவு என்பதை அதே வரியில், அதற்கு அடுத்த சொல்லாகவே சொல்லிவிட வேண்டும். வடையை 'பெய்ஞே' என்பதிலும் இதே சிக்கல். அந்தச் சொல் இனிப்பையும் கோதுமை மாவையும் நினைவூட்டும்.

உளுந்துக்கு என்ன எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். 'கறுப்பு லென்டில்' என்று எழுதினால் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அது பெலுகா என்ற வேறொரு பருப்பைக் குறிக்கும். ஜெர்மனில் 'ஊர்த்போனே' என்ற சொல் இருக்கிறது, உளுந்துக்கு அதுதான் சரி. துவரைக்குப் பிரெஞ்சில் 'புவா தாங்கோல்' என்று எழுதுங்கள். அந்தச் சொல் பாரிஸில் பிறந்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளிலிருந்து வந்தவர்கள் கிறிஸ்துமஸ் விருந்தில் அதைத்தான் சாப்பிடுகிறார்கள், படித்தவுடன் புரிந்துகொள்வார்கள். பருப்பு வகைகள் 14இல் இல்லை என்றாலும் அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பருப்பு என்று பெயர் சொன்னால்தான் அவர்களுக்குப் பயன்.

இப்போது ஒவ்வாமைக் குறிப்பு. இதை மொழிபெயர்க்கவே கூடாது. 14 வகைகளின் பெயர்களும் அந்த ஒழுங்குவிதியின் இரண்டாம் இணைப்பில் ஒன்றியத்தின் 24 ஆட்சி மொழிகளிலும் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சுப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் ஜெர்மன் பதிப்பையும் திறந்து, வரிக்கு வரி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மூன்றிலும் வரிசை ஒன்றே. நம் சொந்தச் சொல்லைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு முந்திரியும் வேர்க்கடலையும் நல்ல எடுத்துக்காட்டு. சட்டம் இரண்டையும் தனித்தனி வகையாக வைத்திருக்கிறது. பேச்சு ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் மூடிக்கொள்ளும். ஜெர்மனில் வேர்க்கடலை 'எர்ட்நுஸ்', கொட்டை வகைக்குச் சட்டச் சொல் 'ஷாலன்ஃப்ருஷ்டே'. ஆனால் பழக்கத்தில் எல்லாமே 'நுஸ்'. வெறும் 'நுஸ்' என்று எழுதினால் முந்திரி போட்ட பொங்கலா, வேர்க்கடலை போட்ட சட்னியா என்று தெரியாது. தமிழில் எழுதும்போதும் 'கொட்டை' என்று விட்டுவிடாமல் 'முந்திரி' என்றே சொல்லுங்கள். அதேபோல் 'குளுட்டன்' என்பதோடு நிறுத்தாமல் 'கோதுமை' என்பதையும் சேர்க்க வேண்டும்.

தேங்காயைப் பற்றி ஒரு சொல். தமிழில் தேங்காய் காய். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அதன் பெயருக்குள்ளேயே 'கொட்டை' இருக்கிறது. ஜாதிக்காயும் அப்படியே. அதனால் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் நம் பட்டியல் முழுவதையும் பார்த்துப் பயப்படுவார்கள். ஐரோப்பியச் சட்டத்தின் கொட்டை வகையில் தேங்காயும் ஜாதிக்காயும் இல்லை. ஆகவே அட்டவணையில் அந்தக் கட்டத்தைத் தேங்காய்க்காக நிரப்பக் கூடாது. ஆனால் தேங்காய்க்கே ஒவ்வாமை உள்ளவர் இருக்கலாம் என்பதால் விளக்க வரியில் தேங்காயை விடாமல் சொல்லுங்கள். பொட்டலத்தில் வரும் உலர்ந்த தேங்காய்த் துருவலைப் பயன்படுத்தினால், வெண்மை மாறாமலிருக்கச் சல்ஃபைட் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

ஒடியல் கூழைப் போன்ற பண்டத்துக்குக் கூட்டுப் பெயர்கள் கை கொடுக்காது. அதில் மீன் இருக்கும், இறாலும் நண்டும் இருக்கும், கணவாய் இருக்கும். இவை சட்டத்தில் மூன்று தனி வகைகள். 'கடல் உணவு' என்று தமிழில் ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அதைப் பிரெஞ்சில் 'ஃப்ரூயி த மேர்' என்று எழுதினால் மீன் வெளியே போய்விடும். இறாலுக்கு மட்டும் ஒவ்வாமை உள்ளவருக்கு மீன் குழம்பு ஆகும், கணவாய்ப் பிரட்டல் ஆகலாம். மூன்றையும் பிரித்து எழுதினால்தான் அவரால் தேர்ந்தெடுக்க முடியும்.

பானைக்குள் போகாமலே தட்டுக்குள் வருவதும் உண்டு. உளுந்து வடை பொரிக்கும் அதே எண்ணெயில் காலையில் இறால் வடை பொரித்திருந்தால், வடைக்கு நேரே இறாலைக் குறிப்பிட்டாக வேண்டும். முட்டைத் தோசை வார்த்த கல்லில், பரோட்டா சுட்ட கல்லில் சாதாரணத் தோசை வார்க்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் தொட்டுத் தேய்க்கும் அந்த அரை வெங்காயம் எந்தெந்தக் கல்லில் போகிறது என்பதையும் கவனியுங்கள். இதற்குச் சொல் தேடுவதை விட, ஒரு கல்லைத் தனியாக ஒதுக்குவதே எளிது. முடியாது என்றால் பட்டியலின் தொடக்கத்தில், மூன்று மொழியிலும், எந்தப் பண்டங்கள் எந்த எண்ணெயையும் கல்லையும் பகிர்ந்துகொள்கின்றன என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 'எங்கள் உணவு எல்லாவற்றிலும் எல்லா ஒவ்வாமைப் பொருளும் இருக்கலாம்' என்று ஒரு வரி எழுதித் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரி வாசகருக்கு எதையும் சொல்லவில்லை. பண்டத்துக்குப் பண்டம் தகவல் கேட்கும் சட்டத்தையும் அது நிறைவேற்றவில்லை.

எழுதி முடித்த பிறகு சரிபார்ப்பதற்கு நான் கையாளும் முறை இது. தமிழ் தெரியாத ஒருவரிடம் பிரெஞ்சுப் பக்கத்தை மட்டும் கொடுக்கிறேன். அட்டவணையைக் காட்டுவதில்லை. விளக்க வரிகளை மட்டும் படித்துவிட்டு, 14 கட்டங்களில் எவை எவை இருக்கும் என்று நினைக்கிறாரோ அவற்றை நிரப்பச் சொல்கிறேன். அதைக் குசினியில் எழுதிய தாளோடு ஒப்பிடுகிறேன். அவர் தோசைக்கு முட்டையை நிரப்பியிருந்தால் விளக்க வரி இல்லாததைச் சொல்கிறது. சம்பலுக்கு மீனை நிரப்பாமல் விட்டிருந்தால் விளக்க வரி இருப்பதை மறைக்கிறது. இரண்டு இடத்திலும் திருத்த வேண்டியது அட்டவணையை அல்ல, வரியை. ஏனென்றால் பசியோடு வந்தவர் வரியைப் படித்துத்தான் ஆசைப்படுகிறார்; அட்டவணையை எல்லாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் இதையே தனித்தனியாகச் செய்ய வேண்டும். பிரெஞ்சு சரியாக இருப்பதால் ஜெர்மன் சரியாகிவிடாது. ஆங்கிலத்திலும் ஒன்று கவனியுங்கள். அமெரிக்கச் சட்டப் பட்டியலில் 9 வகைகள்தான், எள் அதில் 2023இல் சேர்ந்தது, கடுகு இன்னும் இல்லை. அமெரிக்க மாதிரியைப் பார்த்து ஆங்கிலப் பக்கத்தை எழுதினால் நம் தாளிப்பு முழுவதும் விட்டுப்போகும்.

பட்டியல் அச்சான அன்றோடு வேலை முடிவதில்லை. இங்கிலாந்தில், வட யார்க்ஷயரின் ஈசிங்வோல்ட் என்ற சிற்றூரில் 2014 ஜனவரியில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள ஒருவர் இந்திய உணவகத்தில் சிக்கன் டிக்கா மசாலா வாங்கினார். தன் ஒவ்வாமையைச் சொல்லித்தான் வாங்கினார். 'நட்ஸ் இல்லை' என்று மூடியிலும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் குழம்பில் போடும் பாதாம் தூளுக்குப் பதிலாக, விலை குறைவு என்பதால் வேர்க்கடலை கலந்த தூளை வாங்கியிருந்தார்கள். அவர் இறந்துபோனார். 2016இல் உரிமையாளருக்குக் கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்ததற்காக 6 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. மூடியில் எழுதிய சொற்களும் பொட்டலத்தில் வந்த பொருளும் வெவ்வேறாக இருந்தன.

அதனால் உங்கள் அடுக்களைத் தாளின் மேல் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். பெருங்காயமோ, கறித்தூளோ, உறைய வைத்த பரோட்டாவோ, எண்ணெயோ, எதுவானாலும் கம்பெனி மாறினால், பொட்டலத்தை வெட்டுவதற்கு முன் அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்துத் தாளோடு ஒப்பிட வேண்டும். அதைச் செய்யும் பொறுப்பு யாருக்கு என்று ஒருவர் பெயரைச் சொல்லி வையுங்கள். சரக்கு இறக்கும் நேரத்தில் அங்கே நிற்பவராக அவர் இருந்தால் இன்னும் நல்லது. மாற்றம் வந்தால் மூன்று மொழிப் பக்கமும் ஒரே நாளில் மாற வேண்டும். பிரெஞ்சுத் தாளைத் திருத்திவிட்டு ஜெர்மன் அட்டையை அடுத்த அச்சு வரை விட்டுவைக்காதீர்கள். புதிய அட்டை அச்சாகி வரும் வரை, மாறிய பண்டத்தின் எண்ணை ஜெர்மன் அட்டையில் அடித்துவிடுங்கள், கேட்டால் கிடையாது என்று சொல்லுங்கள்.

கடைசியாக உணவக உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்பாளரை அழைக்கும்போது பட்டியலின் படத்தை அனுப்பாதீர்கள். மத்தியானச் சமையல் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று சொல்லி, அவரைக் குசினிக்கு வரச் சொல்லுங்கள். சமையல்காரருக்கும் அன்று ஓர் அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள்.